பக்கத்து நிலம் விற்பனைக்கு வரும்போது: ஷுஃப்ஆவும் மஜல்லாவும்



இன்று ஒரு ஃபிக்ஹுச் சட்டத்தை எடுத்துக்கொண்டு, அது கிதாபிலிருந்து அரசாங்கச் சட்டப் புத்தகத்துக்குப் போனபோது என்ன ஆனது என்று பார்க்கப் போகிறோம். அந்தச் சட்டத்தின் பெயர் ஷுஃப்ஆ. மதரஸாவில் ஓதியவர்களுக்குத் தெரியும். மற்றவர்களில் பலர் இந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நிலம் வாங்கி விற்பவர்கள்கூடக் கேள்விப்பட்டதில்லை என்பதுதான் இன்றைய பேச்சுக்குக் காரணம்.

சுந்தரபாண்டியத்தில் இரண்டு பேருக்குப் பக்கத்துப் பக்கத்தில் தோப்பு இருக்கிறது என்று வையுங்கள். நடுவில் ஒரு கிணறு, அதில் இருவருக்கும் பங்கு. ஒரு நாள் இவர் முறை, மறுநாள் அவர் முறை என்று தண்ணீர் பாய்கிறது. ஒருவர் தன் தோப்பையும் கிணற்றுப் பங்கையும் வெளியூர்க்காரர் ஒருவருக்கு 12 லட்சத்துக்கு விற்றுவிடுகிறார். பக்கத்துத் தோப்புக்காரருக்கு விஷயம் டீக்கடையில்தான் தெரிகிறது. ஹனஃபி மத்ஹபின்படி அவருக்கு ஓர் உரிமை உண்டு. அதே 12 லட்சத்தைக் கொடுத்து, வாங்கியவரிடமிருந்து அந்த நிலத்தைத் தானே எடுத்துக்கொள்ளலாம். வாங்கியவர் மறுக்க முடியாது, காழி தீர்ப்புச் செய்து வாங்கிக் கொடுப்பார். இதுதான் ஷுஃப்ஆ. முன்பின் தெரியாத ஒருவர் நடுவில் வந்து, தண்ணீருக்கும் வழிக்கும் வாழ்நாள் முழுவதும் சண்டை போடும் நிலை வரக்கூடாது என்பதுதான் இதற்கு ஃபுகஹாக்கள் சொல்லும் காரணம்.

இந்த உரிமை யார் யாருக்கு? நம் இமாம்கள் மூன்று பேரை வரிசைப்படுத்துகிறார்கள். முதலில், பிரிக்காத சொத்தில் பங்காளியாக இருப்பவர். அடுத்து, சொத்து பிரிந்துவிட்டாலும் தனி வழியிலோ பாசனத்திலோ பங்குள்ளவர். கடைசியாக, ஒட்டியிருக்கும் அண்டை வீட்டார். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களோ முதலாமவருக்கு மட்டும்தான் உண்டு என்கிறார்கள். எல்லை பிரிந்து, வழியும் தனித்தனியாகிவிட்டால் ஷுஃப்ஆ இல்லை என்ற கருத்தில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அவர்களுக்கு ஆதாரம். ஆகவே காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் உள்ள ஷாஃபிஈ சகோதரருக்கு, வெறும் அண்டை வீட்டார் என்பதற்காக இந்த உரிமை கிடையாது. நம் பக்கத்து ஹனஃபி ராவுத்தருக்கு உண்டு. இரண்டுமே ஷரீஅத்துக்கு உட்பட்ட தீர்ப்புகள்தான். இந்த வேற்றுமையை மனதில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி 1860-களின் இஸ்தான்பூலுக்கு வாருங்கள். உஸ்மானிய அரசு புதிதாக நிஜாமிய்யா நீதிமன்றங்களை அமைத்திருந்தது. அவற்றில் உட்கார்ந்த நீதிபதிகளில் பலர் அரபுக் கிதாபுகளை ஓதியவர்கள் அல்லர். ஹனஃபி ஃபிக்ஹோ கடல். ஒரே பிரச்சினைக்கு இமாம் அபூஹனீஃபா (ரஹ்) ஒன்று சொல்லியிருப்பார்கள், அபூயூசுஃப் (ரஹ்) வேறு சொல்லியிருப்பார்கள், முஹம்மத் (ரஹ்) மூன்றாவது சொல்லியிருப்பார்கள், பின்னால் வந்தவர்கள் இவற்றில் ஒன்றுக்கு ஃபத்வா கொடுத்திருப்பார்கள். ஓதாத நீதிபதி இதில் எதை எடுப்பார்? வழக்குக்கு வரும் வியாபாரி எதை நம்பி ஒப்பந்தம் போடுவார்? இது உண்மையான சிரமம். அமைச்சர் ஆலி பாஷா போன்றவர்கள், பிரெஞ்சுக்காரர்களின் சிவில் சட்டத்தை மொழிபெயர்த்து வைத்துக்கொண்டால் போதும் என்றார்கள். பிரான்சின் தூதரும் அதற்கே வற்புறுத்தினார். அதற்கு எதிராக நின்றவர் அஹ்மத் ஜவ்தத் பாஷா. மதரஸாவில் ஓதி வளர்ந்த ஆலிம், பிறகு அரசு நிர்வாகத்துக்குப் போனவர். அவர் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து, ஹனஃபி ஃபிக்ஹின் வியாபார, சொத்துச் சட்டங்களை எண் போட்ட பிரிவுகளாக எழுதியது. 1869-ல் தொடங்கி 1876-ல் முடிந்தது. 16 கிதாபுகள், 1851 பிரிவுகள். பெயர் மஜல்லத்துல் அஹ்காமில் அத்லிய்யா, சுருக்கமாக மஜல்லா.

அதன் ஒன்பதாவது கிதாபில் ஷுஃப்ஆ இருக்கிறது. நான் மேலே சொன்ன மூவர் வரிசை 1008, 1009-ஆம் பிரிவுகளில் அப்படியே வருகிறது. டீக்கடையில் செய்தி கேட்ட நம் தோப்புக்காரர் மஜல்லாவின் நீதிமன்றத்தில் என்ன செய்ய வேண்டும் தெரியுமா? கேட்ட அந்த இடத்திலேயே, பேச்சை வேறு பக்கம் திருப்பாமல், எனக்கு இதில் ஷுஃப்ஆ உண்டு, நான் கோருகிறேன் என்று சொல்லிவிட வேண்டும். டீயைக் குடித்து முடித்து, ஊர்க்கதை பேசிவிட்டு, பிறகு சொன்னால் போச்சு. அடுத்து நிலத்துக்கோ, வாங்கியவரிடமோ போய், சாட்சிகளை வைத்துக்கொண்டு மறுபடியும் கோர வேண்டும். மூன்றாவதாக வழக்குப் போட வேண்டும். அதற்கு ஒரு மாதம்தான் தவணை, தக்க காரணமில்லாமல் அதைத் தாண்டினால் உரிமை விழுந்துவிடும். விலையில் தகராறு வந்தால், வாங்கியவர் சத்தியம் செய்து சொல்வதுதான் ஹனஃபி ஃபிக்ஹில் எடுபடும். (பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தை நன்றாக யோசித்துப் பாருங்கள்.)

எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். ஓதாத நீதிபதிகூடப் புத்தகத்தைப் புரட்டித் தீர்ப்புச் சொல்லிவிடலாம். அப்படியிருந்தும் மஜல்லாவுக்கு உலமாக்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது.

அதில் ஒரு பகுதி அதிகாரச் சண்டை. இந்த வேலை நீதித்துறைக்குரியதா, ஷைகுல் இஸ்லாமின் அலுவலகத்துக்குரியதா என்பது. ஷைகுல் இஸ்லாம் ஹசன் ஃபஹ்மி எஃபெந்தி அவர்கள் தரப்பு வென்று, ஜவ்தத் பாஷா சில காலம் ஒதுக்கப்பட்டார். அந்த இடைவெளியில் வெளியான ஒரு கிதாபில் குறைகள் காணப்பட்டு, அவர் திரும்பி வந்தபின் அது மாற்றி எழுதப்பட்டது. இதில் நாம் தங்க வேண்டியதில்லை.

தங்க வேண்டிய எதிர்ப்பு வேறொன்று. மஜல்லாவின் 1801-ஆம் பிரிவு சொல்வதன் சாரம் இது: ஒரு பிரச்சினையில் மக்களுக்கும் காலத்துக்கும் பொருத்தமானது என்று ஒரு முஜ்தஹிதின் சொல்லைக் கொண்டு தீர்ப்பளிக்கும்படி சுல்தான் கட்டளையிட்டால், காழி அதற்கு மாற்றமான சொல்லைக் கொண்டு தீர்ப்பளிக்க முடியாது. அளித்தாலும் செல்லாது. அதாவது இரண்டு சரியான கருத்துகள் இருக்கும்போது, எது சட்டம் என்று முடிவு செய்வது இனி காழியின் இல்மும் தக்வாவும் அல்ல, அரசின் கையெழுத்து.

இது புதிய பிரச்சினை அல்ல. அப்பாஸிய கலீஃபா, இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவை எல்லா ஊர்களுக்கும் ஒரே சட்டமாக்கிவிட விரும்பியபோது, இமாம் அவர்களே அதை மறுத்துவிட்டார்கள். ஸஹாபாக்கள் பல ஊர்களுக்குப் போயிருக்கிறார்கள், ஒவ்வோர் ஊரும் தனக்கு எட்டிய ஹதீஸின்படி அமல் செய்கிறது, அவர்களை விட்டுவிடுங்கள் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். தன் கிதாபையே நாடு முழுவதும் சட்டமாக்குகிறேன் என்று அரசர் சொல்லி, வேண்டாம் என்றவர் அவர். நம்மில் யாருக்கு அந்த மனம் வரும்!

மஜல்லாக்காரர்களுக்கும் பதில் இல்லாமல் இல்லை. அவர்கள் புதிதாக எதையும் இட்டுக்கட்டவில்லை, இருந்த கருத்துகளில் ஒன்றைத் தேர்ந்தார்கள். பொறுப்போடும் தேர்ந்தார்கள். சொல்லிச் செய்யும் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். தச்சரிடம் ஒரு பீரோவுக்கு ஆர்டர் கொடுக்கிறீர்கள். சொன்னபடியே செய்து முடித்தபின் எனக்கு வேண்டாம் என்று நீங்கள் பின்வாங்கலாமா? இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் சொல்லின்படி பின்வாங்கலாம், அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் சொல்லின்படி கூடாது. மஜல்லா 392-ஆம் பிரிவில் அபூயூசுஃபின் சொல்லை எடுத்தது. துப்பாக்கிகளும் கப்பல்களும் ஆர்டரின் பேரில் தயாராகிற காலத்தில், வாங்குபவர் கடைசியில் கையை உதறிவிட்டால் தொழிலே நடக்காது என்று குழு தன் அறிக்கையில் காரணமும் சொன்னது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி ஆர்டர் எடுத்து நெய்கிறவரைக் கேட்டால், குழு செய்ததே சரி என்பார். நானும் அப்படித்தான் சொல்வேன். ஓதாத நீதிபதியின் கையில் ஆறு கருத்துகளைக் கொடுப்பதைவிட ஒன்றைக் கொடுப்பது மக்களுக்குப் பாதுகாப்பு.

அப்படியென்றால் எதிர்ப்பாளர்கள் சொன்னதில் எதுவுமே இல்லையா? இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் ஷுஃப்ஆவை எடுத்தேன்.

கிதாபுகளில் கழாஅன், தியானதன் என்று இரண்டு சொற்கள் வரும். (நம் தமிழ் தியானத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) முதலாவது, காழியின் முன் எடுபடுவது. இரண்டாவது, அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் உள்ள பொறுப்பு. ஒரே செயலுக்கு இந்த இரண்டிலும் வெவ்வேறு பதில் இருக்கலாம். முஃப்தி இரண்டாவதையும் சேர்த்துச் சொல்வார். காழியால் முதலாவதை மட்டும்தான் நிறைவேற்ற முடியும்.

இப்போது ஹதீஸைப் பாருங்கள். முஸ்லிமில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியின் கருத்து: சொத்தில் பங்காளி இருக்கும்போது அவருக்கு அறிவிக்காமல் விற்பது ஆகுமானதல்ல, அவர் விரும்பினால் எடுத்துக்கொள்வார், விரும்பாவிட்டால் விட்டுவிடுவார். இங்கே கடமை விற்பவர் மேல் இருக்கிறது, விற்பதற்கு முன்பே இருக்கிறது. ஆனால் காழியின் முன் எடுபடும் ஷுஃப்ஆ எப்போது பிறக்கிறது? ஹனஃபி ஃபிக்ஹில் விற்பனை நடந்த பிறகுதான். விற்குமுன் ஒருவர் எனக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் அது உரிமையை அழிக்காது, அப்போது உரிமையே பிறக்கவில்லை. மஜல்லாவில் நாம் பார்த்த மூன்று கோரல்களும் விற்பனைக்குப் பிந்தியவை. விற்பவர் முன்கூட்டியே கதவைத் தட்டி, அண்ணே, நிலத்தைக் கொடுக்கப் போகிறேன், உங்களுக்கு வேண்டுமா என்று கேட்க வேண்டிய கடமை நீதிமன்றத்தில் நிறைவேற்றக்கூடிய பிரிவாக ஆவதில்லை. எந்த நீதிபதி போய் அதைச் செய்ய வைப்பார்?

அபூராஃபிஃ (ரலி) அவர்களின் சம்பவம் புகாரியில் இருக்கிறது. ஸஅத் (ரலி) அவர்களின் வளாகத்துக்குள் அவர்களுக்கு இரண்டு அறைகள் இருந்தன. அவற்றை வாங்கிக்கொள்ளும்படி ஸஅதிடம் கேட்டார்கள். ஸஅத், 4000 திர்ஹத்துக்கு மேல் தரமாட்டேன், அதுவும் தவணையில்தான் என்றார்கள். வெளியே 500 தீனார் தர ஆள் இருந்தும், அண்டை வீட்டார் தன் அண்மையால் அதிக உரிமை உடையவர் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதைக் கேட்டிருந்ததால் ஸஅதுக்கே கொடுத்தார்கள். அங்கே வழக்கு இல்லை, காழி இல்லை. குறைந்த விலைக்குக் கொடுக்கும்படி எந்தக் காழியும் அவர்களைக் கட்டாயப்படுத்தியிருக்க முடியாது. ஷுஃப்ஆவே விற்ற விலைக்குத்தானே!

இதற்கு நேர்மாறாகவும் கிதாபில் ஒன்று இருக்கிறது. அண்டை வீட்டாரின் ஷுஃப்ஆவைத் தட்டிக்கழிக்க ஒரு தந்திரம்: அவர் எல்லையை ஒட்டி ஒரு முழ அகலத்தை மட்டும் விற்காமல் வைத்துக்கொண்டு மீதியை விற்றுவிடுவது. விற்ற நிலம் இப்போது அவர் நிலத்தை ஒட்டியில்லை, ஷுஃப்ஆ போய்விட்டது. காழியின் முன் இது எடுபடும். அபூயூசுஃப் (ரஹ்) இதை வெறுக்கவில்லை. முஹம்மத் (ரஹ்) மக்ரூஹ் என்றார்கள். இமாம் புகாரி (ரஹ்) தந்திரங்களைப் பற்றிய பாடத்தில் இதைக் கடுமையாக விமர்சிக்கிறார்கள். கிதாபில் இந்த மூன்று குரலும் சேர்ந்தே கேட்கும். படிக்கிறவருக்கு, சட்டம் விட்டாலும் இது அசிங்கமான காரியம் என்ற உறுத்தல் வரும். எண் போட்ட பிரிவாக எழுதும்போது தந்திரம் செல்லுமா செல்லாதா என்பது மட்டும் மிஞ்சும். பிரிவை எழுதியவர்கள் மேல் குற்றமில்லை, பிரிவால் சுமக்க முடிந்தது அவ்வளவுதான். ஆனால் ஒரு தலைமுறை பிரிவுகளை மட்டுமே பார்த்து வளர்ந்தால், பிரிவில் இல்லாதது மார்க்கத்திலும் இல்லை என்று நினைத்துவிடும். எதிர்ப்பாளர்களின் பயத்தில் எனக்கு நியாயமாகப் படுவது இந்த இடம்தான்.

நம் நாட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள், பயம் வீணல்ல என்பது தெரியும். ஹனஃபிகளின் ஹிதாயாவை 1791-ல் சார்லஸ் ஹாமில்டன் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அரபியிலிருந்து நேராக அல்ல, பாரசீக மொழிபெயர்ப்பிலிருந்து. கம்பெனி நீதிமன்றங்களில் ஆரம்பத்தில் மௌலவிகள் உட்கார்ந்து ஃபத்வா சொல்லிவந்தார்கள். 1864-ல் அந்தப் பதவிகள் எடுக்கப்பட்டன. அதன்பின் ஆங்கிலேய நீதிபதியின் மேசையில் மிஞ்சியது மொழிபெயர்ப்புகளும் முந்தைய தீர்ப்புகளும்தான். பல கருத்துகளை வைத்து விவாதிக்கும் ஹிதாயா, சட்டப் புத்தகம்போல் வாசிக்கப்பட்டது. ஜவ்தத் பாஷாவின் குழுவிலாவது ஆலிம்கள் உட்கார்ந்து, காரணம் சொல்லித் தேர்ந்தார்கள். இங்கே அதுவும் இல்லை.

1870-ல், இஸ்தான்பூலில் மஜல்லா எழுதப்பட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில், சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இப்ராஹீம் சாகிப், முனி மீர் உதீன் சாகிப் என்ற இருவருக்கு இடையிலான வழக்கு வந்தது. முஸ்லிம்களின் ஷுஃப்ஆவை இந்த மாகாணத்தில் நீதிமன்றம் நிறைவேற்றுமா என்பது கேள்வி. முடியாது என்று தீர்ப்பானது. தன் சொத்தை விரும்பியவருக்கு விற்கும் சுதந்திரத்தை இது கட்டுப்படுத்துகிறது, நீதிக்கும் நியாயத்துக்கும் நல்ல மனசாட்சிக்கும் பொருந்தாது என்பது காரணம். ஹனஃபியா ஷாஃபிஈயா, பங்காளியா அண்டை வீட்டாரா, கிணற்றில் பங்கு உண்டா என்ற அலசலுக்கே அங்கே வேலை இல்லாமல் போய்விட்டது. மலபாரில் ஊர் வழக்கமாக நிரூபணமான இடத்தில் மட்டும் விட்டுக்கொடுத்தார்கள். வடக்கே அலகாபாத்தில் நிலைமை வேறு. 1885-ல் நீதிபதி சையித் மஹ்மூத், அரபு மூலங்களையே எடுத்துவைத்து ஷுஃப்ஆ பற்றி நீண்ட தீர்ப்பு எழுதினார். ஒரே அரசு, ஒரே மதத்தார், அலகாபாத்தில் உள்ள உரிமை சென்னையில் இல்லை. பிறகு 1962-ல் உச்ச நீதிமன்றம், வெறும் அண்டை வீட்டார் என்பதற்கான முன்னுரிமை அரசியல் சாசனத்துக்கு முரண் என்றும், கூட்டுப் பங்காளியின் உரிமை செல்லும் என்றும் பாவ் ராம் வழக்கில் தீர்ப்பளித்தது.

விளைவு என்ன? வட இந்தியாவில் ஷுஃப்ஆ என்றால் சாதாரண முஸ்லிமுக்கும் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. நம் பக்கம் நூற்றைம்பது ஆண்டுகளாக நீதிமன்றத்தில் இல்லாததால், பள்ளிவாசல் பேச்சிலும் இல்லாமல் போனது. 1870-ன் தீர்ப்பு கழாவைத்தான் எடுத்தது, அதைத்தான் எடுக்கவும் முடியும். பக்கத்துக்காரரிடம் சொல்லிவிட்டு விற்பதை எந்த நீதிமன்றமும் தடுக்கவில்லை. அந்தப் பாதியை விட்டது நாம்தான். துருக்கி 1926-ல் மஜல்லாவைத் தள்ளிவிட்டு சுவிட்சர்லாந்தின் சிவில் சட்டத்தை எடுத்துக்கொண்டது, ஜோர்டானில் 1976 வரை மஜல்லா இருந்தது. சட்டப் புத்தகங்கள் இப்படி வரும், போகும். தோப்புக்காரரின் கடமை அதனோடு சேர்ந்து வந்து போவதில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். உங்கள் நிலத்தையோ வீட்டையோ விற்க முடிவு செய்தால், புரோக்கரிடம் போகுமுன் பங்காளியிடமும், கிணறு அல்லது தனி வழியில் பங்குள்ளவரிடமும், ஒட்டியிருப்பவரிடமும் இந்த வரிசையிலேயே சொல்லுங்கள். கேட்கும் விலையை மறைக்காமல் சொல்லுங்கள். வெளியாள் ஒருவர் விலை பேசியிருந்தால் அந்த விலையையும் சொல்லுங்கள், பக்கத்துக்காரர் என்பதற்காக ஏற்றிச் சொல்லாதீர்கள். யோசிக்க நாள் கொடுங்கள். அவர் முஸ்லிம் இல்லையென்றால் சொல்ல வேண்டியதில்லை என்று சிலர் நினைக்கலாம். ஹனஃபி ஃபிக்ஹில் ஷுஃப்ஆவுக்கு முஸ்லிம், திம்மி என்ற வேறுபாடே இல்லை. கிணற்றுத் தண்ணீர் யார் வயலுக்குப் போனாலும் தகராறு தகராறுதான்.

பூர்வீக வீட்டில் பிரிக்காத பங்கு இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்தில் 4-ஆம் பிரிவு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒருவருடைய பங்கை வெளியாள் வாங்கி, பிரித்துத் தரக் கோரி வழக்குப் போட்டால், மற்றப் பங்காளி அந்தப் பங்கை நீதிமன்றம் நிர்ணயிக்கும் மதிப்புக்குத் தானே வாங்கிக்கொள்ள அனுமதி கேட்கலாம். ஷுஃப்ஆ அல்ல இது. விலை விற்ற விலையல்ல, வெளியாள் வழக்குப் போடும்வரை பயன்படுத்தவும் முடியாது. ஆனால் காரணம் அதே காரணம்தான்.

ஹஜ்ரத், சொல்லாமலே விற்றுப் பத்திரமும் பதிந்தாகிவிட்டது, இப்போது என்ன செய்வது என்று ஒருவர் கேட்கலாம். விற்பனை செல்லும், வாங்கியவர் பணம் கொடுத்து வாங்கியவர், அவர் மேல் குற்றமில்லை. விற்றவர் பக்கத்துக்காரரிடம் நேரில் போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். வாங்கியவர் தானாக மனமுவந்து அதே விலைக்குத் திருப்பிக் கொடுத்தால் மிக நல்லது, கட்டாயப்படுத்த யாருக்கும் வழியில்லை. அவர் கொடுக்க விரும்பவில்லையென்றால், கிணற்று முறை, வாய்க்கால், வண்டி போகும் வழி இவற்றைப் புதியவரிடம் விற்றவரே கூட நின்று காட்டி, பழைய முறைப்படி நடக்கும் என்று இருவர் முன்னிலையில் எழுதி வாங்கிக் கொடுக்கட்டும்.